காலாண்டுக் கணக்கில் ஆடிட்டர் பார்ப்பதும் பார்க்காததும்

இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கள் விற்பனையையும் லாப நஷ்டத்தையும் வெளியிட வேண்டும். செபியின் 2015-ஆம் ஆண்டுப் பட்டியலிடல் ஒழுங்குமுறைகளில் 33-ஆவது விதி இதற்குக் கெடு வைத்திருக்கிறது. காலாண்டுக் கணக்கு 45 நாட்களுக்குள் வர வேண்டும். ஆண்டுக் கணக்கு 60 நாட்களுக்குள் வர வேண்டும். ஆண்டுக் கணக்கு கட்டாயம் தணிக்கை செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். காலாண்டுக் கணக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தணிக்கை செய்யாத கணக்கையே வெளியிடலாம், ஆனால் நிறுவனத்தின் சட்டப்படியான ஆடிட்டர் அதை ‘லிமிடெட் ரிவ்யூ’ செய்து அறிக்கை தந்திருக்க வேண்டும். வரையறுக்கப்பட்ட மறுஆய்வு என்று தமிழில் சொல்லப்படுவது இதுதான். இன்போசிஸ், டிசிஎஸ் போன்ற சில நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டையும் முழுமையாகத் தணிக்கை செய்தே வெளியிடுகின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் மறுஆய்வோடு நிறுத்திக்கொள்கின்றன.

இரண்டு அறிக்கைகளையும் தருவது ஒரே ஆடிட்டர் நிறுவனம். ஒரே லெட்டர்ஹெட், பெரும்பாலும் ஒரே பங்குதாரரின் கையெழுத்து. அதனால் இரண்டும் ஒரே எடை கொண்டவை என்று சிறு முதலீட்டாளர்கள் எடுத்துக்கொள்வது இயல்பு. உண்மையில் ஆடிட்டர் இரண்டிலும் செய்யும் வேலை வேறு, சொல்லும் சொல் வேறு.

மறுஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்பதை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் வெளியிட்ட எஸ்.ஆர்.இ. 2410 என்ற தரநிலை வகுத்திருக்கிறது. அதன்படி வேலையின் முதுகெலும்பு இரண்டு: கேட்பது, ஒப்பிடுவது. ஆடிட்டர் குழு முதலில் இயக்குநர் குழு, தணிக்கைக் குழு, பங்குதாரர் கூட்டங்களின் குறிப்பேடுகளைப் படிக்கும். போன ஆண்டுத் தணிக்கையில் எழுந்த பிரச்சினைகள் இந்தக் காலாண்டில் என்ன ஆயின என்று பார்க்கும். வெளியிடப் போகும் அறிக்கையில் உள்ள எண்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும். பிறகு இந்தக் காலாண்டின் எண்களைப் போன காலாண்டோடும், போன ஆண்டின் இதே காலாண்டோடும், நிறுவனம் போட்டுவைத்திருந்த பட்ஜெட்டோடும் வைத்துப் பார்க்கும். எங்கே எண் எதிர்பாராமல் நகர்ந்திருக்கிறதோ அங்கே நிதித்துறைப் பொறுப்பாளரிடம் காரணம் கேட்கும். கடைசியில், சொன்னதெல்லாம் உண்மை, எதையும் மறைக்கவில்லை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளும்.

மறுஆய்வில் வழக்கமாக இடம்பெறாதவற்றின் பட்டியல் இதைவிட நீளம். ஆடிட்டர் கிடங்குக்குப் போய்ச் சரக்கை எண்ணுவதைப் பார்ப்பதில்லை. வங்கிக்கோ வாடிக்கையாளருக்கோ நேரடியாகக் கடிதம் எழுதி இருப்பை உறுதி செய்துகொள்வதில்லை. பில்களை மாதிரி எடுத்து, அவற்றுக்குப் பின்னால் உள்ள டெலிவரி சலானையும் லாரி ரசீதையும் தேடுவதில்லை. நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு எழுதி வழக்குகளின் நிலை கேட்பதும் பொதுவாக இல்லை. இவையெல்லாம் ஆண்டுத் தணிக்கையின் அன்றாட வேலைகள். நிறுவனம் ஒன்றைச் சொன்னால், அதற்கு நிறுவனத்துக்கு வெளியிலிருந்தோ மூல ஆவணத்திலிருந்தோ ஆதாரம் தேடுவது தணிக்கை. நிறுவனம் சொல்வது மற்ற எண்களோடும் ஏற்கெனவே தெரிந்த செய்திகளோடும் முரண்படாமல் நிற்கிறதா என்று பார்ப்பது மறுஆய்வு.

ஆடிட்டரின் வேலை மட்டுமல்ல, அவர் கைக்கு வரும் கணக்கும் காலாண்டில் சற்று வேறு வகைப்பட்டது. இடைக்காலக் கணக்குகளுக்கான இந்த்-ஏ.எஸ். 34 என்ற கணக்கியல் தரநிலை, ஆண்டுக் கணக்கைவிடக் கூடுதலாக மதிப்பீடுகளைப் பயன்படுத்த இடம் தருகிறது. காலாண்டுக் கடைசியில் சரக்கு முழுவதையும் எண்ணியாக வேண்டும் என்பதில்லை, மதிப்பிட்டுக் காட்டலாம். ஊழியர்களின் கிராஜுவிட்டி, ஓய்வூதியப் பொறுப்புகளைப் போன ஆண்டுக் கடைசியில் போட்ட கணிப்பிலிருந்தே நீட்டிக் காட்டலாம். வருமான வரியை, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு விகிதம் வரும் என்று ஊகித்து அந்த விகிதத்தில் போடலாம். 45 நாளில் கணக்கு வர வேண்டுமென்றால் இதற்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், மதிப்பீடு அதிகமுள்ள கணக்கைத்தான் குறைவான சோதனையோடு ஆடிட்டர் பார்க்கிறார்.

நடைமுறையில் இந்த இடைவெளி எப்படி வெளிப்படும் என்பதை ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்க்கலாம். பம்ப்செட் தயாரிக்கும் ஒரு பட்டியலிட்ட நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் காலாண்டில் அதன் விற்பனை 240 கோடி ரூபாய். போன ஆண்டு இதே காலாண்டில் 200 கோடி. இருபது சதவீத வளர்ச்சி. மறுஆய்வுக்கு வந்த ஆடிட்டர் குழு வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியைப் பார்க்கிறது. போன ஆண்டு டிசம்பர் கடைசியில் 90 கோடியாக இருந்தது, இப்போது 150 கோடி. காலாண்டின் 92 நாட்களுக்கு இதைப் பகிர்ந்து பார்த்தால், முன்பு ஏறக்குறைய 41 நாள் விற்பனை பாக்கியாக நின்றது, இப்போது 57 நாள் விற்பனை நிற்கிறது. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூடியபோது பாக்கி மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் முறையின் பலன் இதுதான். ஒரு பில்லைக்கூடப் புரட்டாமலேயே கேள்வி எழுந்துவிடுகிறது.

குழு காரணம் கேட்கிறது. குடிநீர்த் திட்ட ஒப்பந்ததாரர் ஒருவருக்கு டிசம்பர் கடைசி வாரத்தில் 30 கோடிக்குப் பம்ப்கள் அனுப்பினோம், 90 நாள் கடன் என்கிறார் நிதித்துறைத் தலைவர். குழு ஏற்கெனவே படித்த இயக்குநர் குழுக் குறிப்பேட்டில் அந்த ஆர்டரைப் பற்றிய பேச்சு இருக்கிறது. சந்தேகம் வந்த இடத்தில் கூடுதலாகக் கேட்கவும் பார்க்கவும் தரநிலை சொல்வதால், குழு ஆர்டர் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறது. பில் இருக்கிறது, டிசம்பர் 29-ஆம் தேதியிட்ட இ-வே பில் இருக்கிறது. விளக்கம் பொருந்துகிறது. மறுஆய்வு அங்கே நிற்கிறது. நிற்பதில் தவறும் இல்லை.

ஆண்டுத் தணிக்கை ஏப்ரலில் தொடங்குகிறது. பெரிய பாக்கிக்காரர்கள் எல்லோருக்கும் ஆடிட்டர் நேரடியாக உறுதிக் கடிதம் அனுப்புகிறார். மார்ச் 31 அன்று நீங்கள் இந்த நிறுவனத்துக்கு 30 கோடி தர வேண்டியிருந்ததா என்பது கேள்வி. சரக்கே இன்னும் வந்து சேரவில்லை, அதனால் தர வேண்டியது எதுவும் இல்லை என்று ஒப்பந்ததாரரிடமிருந்து பதில் வருகிறது. அடுத்து லாரி ரசீதைத் தேடினால், சரக்கைப் பெற்றவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த பிரதி இல்லை. விசாரித்தால், ஒப்பந்ததாரரின் தளம் தயாராகாததால் பம்ப்கள் போக்குவரத்து நிறுவனத்தின் கிடங்கில் இறக்கப்பட்டு மூன்று மாதமாக அங்கேயே கிடக்கின்றன. ஆர்டரின் நிபந்தனைப்படி, வாங்குபவரின் தளத்தில் இறக்கிய பிறகுதான் சரக்கு அவருடையது. அப்படியானால் டிசம்பரில் விற்பனை நடக்கவே இல்லை. 30 கோடி விற்பனை நீக்கப்படுகிறது. அதன் அடக்கவிலை 22 கோடி சரக்கு இருப்பாகத் திரும்புகிறது. ஆண்டு லாபத்தில் வரிக்கு முன் 8 கோடி குறைகிறது.

இதில் யாரும் பொய் ஆவணம் தயாரிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லாரி உண்மையிலேயே ஆலையை விட்டுக் கிளம்பியது. நிதித்துறைத் தலைவர் தான் நம்பியதையே சொல்லியிருக்கக்கூடும். நிறுவனத்துக்கு உள்ளே இருக்கும் எல்லாக் காகிதமும் விற்பனை நடந்ததாகவே காட்டியது. நடக்கவில்லை என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வெளியில் இருந்தார். மறுஆய்வு வெளியாளிடம் கேட்பதில்லை. காலாண்டுக் கணக்கில் விற்பனை முன்கூட்டியே ஏறிவிடும் பிழைகள் தப்பிப்போவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

வாசகருக்கு இன்னொரு குறையும் உண்டு. சொத்து, பொறுப்பு விவரங்களும் பண வரத்து அறிக்கையும் அரையாண்டுக்கு ஒரு முறை, செப்டம்பர் கணக்கோடும் மார்ச் கணக்கோடும் வெளியிடப்பட்டால் போதும் என்பது விதி. ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் லாப நஷ்டக் கணக்கு மட்டும் வந்தால் போதும். பம்ப் நிறுவனத்தின் பாக்கி 90 கோடியிலிருந்து 150 கோடியானதை ஆடிட்டர் பார்த்தார். டிசம்பர் கணக்கைப் படித்த முதலீட்டாளருக்கு அந்த எண்ணே கிடைத்திருக்காது. அவர் பார்த்தது இருபது சதவீத வளர்ச்சியை மட்டும்தான். ஜூன், டிசம்பர் எண்களைச் செப்டம்பர், மார்ச் எண்களைவிடச் சற்று நிதானத்தோடு அணுக வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

வேலை இப்படி வேறுபடுவதால் அறிக்கையின் வாசகமும் வேறுபடுகிறது. ஆண்டுத் தணிக்கை அறிக்கையில் ஆடிட்டர் நேர்மறையாகக் கருத்துச் சொல்கிறார். இந்தக் கணக்குகள் மார்ச் 31 அன்று நிறுவனத்தின் நிலையையும் அந்த ஆண்டின் லாபத்தையும் உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகின்றன என்பது அதன் சாரம். இதற்குப் பின்னால் இருப்பது நியாயமான அளவு உறுதி. நூற்றுக்கு நூறு அல்ல, ஆனால் உயர்ந்த அளவு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 143-ஆவது பிரிவு கேட்கும் மற்ற விஷயங்களும், நிதி அறிக்கை தொடர்பான உள்கட்டுப்பாடுகள் எப்படி இயங்குகின்றன என்பது உட்பட, அந்த அறிக்கையோடு சேர்ந்து வரும்.

மறுஆய்வு அறிக்கையில் ஆடிட்டர் சொல்வது இதன் மறுபக்கம். நாங்கள் செய்த மறுஆய்வின் அடிப்படையில், இந்த அறிக்கையில் பெரிய தவறு இருக்கிறது என்று நம்ப வைக்கும்படி எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை என்பதுதான் அதன் முடிவு. கணக்கு சரி என்று அவர் சொல்லவில்லை. அதற்கு முந்தைய பத்தியிலேயே, இந்த வேலை பெரும்பாலும் பொறுப்பாளர்களிடம் கேட்பதோடும் எண்களைப் பகுத்துப் பார்ப்பதோடும் நிற்கிறது, தணிக்கையைவிடக் குறைந்த உறுதியையே தருகிறது, நாங்கள் தணிக்கை செய்யவில்லை, அதனால் தணிக்கைக் கருத்தும் சொல்லவில்லை என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். பலரும் இதைச் சட்டத்துக்காக ஒட்டிய பத்தி என்று தாண்டிப் போகிறார்கள். அறிக்கையிலேயே மிக நேர்மையான பத்தி அதுதான்.

மறுஆய்வு என்றாலே சும்மா ஒப்புக்குக் கையெழுத்து என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. பெரிய தவறு இருப்பது தெரிந்தால் ஆடிட்டர் அதைத் தவிர்த்துவிட்டு மற்றதற்கு மட்டும் முடிவு சொல்லலாம். தவறு கணக்கு முழுவதையும் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் எதிர்மறை முடிவு தரலாம். கேட்ட விவரம் கிடைக்காவிட்டால் முடிவு சொல்ல இயலவில்லை என்றே எழுதலாம். இப்படிப்பட்ட மறுஆய்வு அறிக்கை ஒன்று வந்தால் அதை ஆண்டுத் தணிக்கையின் குறையுரையைவிட இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேடிப் போகாமல், கேட்டும் ஒப்பிட்டும் பார்த்த அளவிலேயே கண்ணில் பட்ட பிரச்சினை அது. முழுத் தணிக்கையில் அது சிறுத்துப்போவதைவிடப் பெருகுவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆண்டுத் தணிக்கை கண்டுபிடித்தது காலாண்டு எண்களில் எங்கே போய்ச் சேரும் என்பது பலர் கவனிக்காத இடம். மார்ச் காலாண்டுக்கு என்று தனித் தணிக்கை கிடையாது. தணிக்கை செய்த ஆண்டு எண்ணிலிருந்து, ஏற்கெனவே வெளியிட்டு மறுஆய்வு செய்யப்பட்ட ஒன்பது மாத எண்ணைக் கழித்து வருவதே மார்ச் காலாண்டு எண். அப்படிக் கழித்து வந்த மீதி என்று கணக்கின் கீழுள்ள குறிப்பிலும் ஆடிட்டர் அறிக்கையிலும் சொல்லியிருப்பார்கள்.

பம்ப் நிறுவனத்தின் முதல் மூன்று காலாண்டு விற்பனை 220, 230, 240 கோடி. மொத்தம் 690 கோடி. மார்ச் காலாண்டில் அது உண்மையில் 220 கோடிக்கு விற்றது. ஆனால் தணிக்கையில் 30 கோடி நீங்கியதால் ஆண்டு விற்பனை 880 கோடியில் நிற்கிறது. டிசம்பர் காலாண்டு எண்ணைத் திருத்தி மறுபடி வெளியிட்டால் தவிர, 880-இல் 690 போக மார்ச் காலாண்டுக்கு 190 கோடிதான் மிஞ்சும். வரிக்கு முந்தைய லாபம் ஒன்பது மாதத்துக்கு 60 கோடி, மார்ச் காலாண்டில் உண்மையில் 20 கோடி என்றால், அதில் 8 கோடி போய் 12 கோடியாகத் தெரியும். அதைப் படிப்பவர் மார்ச் காலாண்டில் வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைப்பார். படுக்கவில்லை, டிசம்பரின் தவறு மார்ச்சில் வந்து தீர்ந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மார்ச் காலாண்டு மட்டும் ஆண்டுக்காண்டு மற்ற மூன்றோடு ஒட்டாமல் சரிந்தோ எகிறியோ வந்தால், அதன் ஒன்பது மாத எண்களின் தரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தணிக்கையின் பலம் அதன் நடைமுறைகள் ஒழுங்காகச் செய்யப்படுவதில்தான் இருக்கிறது என்பதற்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் சாட்சி. 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாதது என்று ஒப்புக்கொண்டார். அந்தக் காலாண்டுக்கு 2,700 கோடி வருவாயும் 649 கோடி இயக்க லாபமும் காட்டப்பட்டிருந்தன. உண்மையில் வருவாய் 2,112 கோடி, லாபம் 61 கோடி மட்டுமே என்று கடிதம் சொன்னது. இல்லாத வங்கி இருப்பை வெளிப்படுத்தியிருக்கக்கூடிய சோதனை, வங்கிக்கு நேரடியாக எழுதிக் கேட்கும் உறுதிக் கடிதம். 2011-இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் சத்யத்தின் ஆடிட்டர்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது சுட்டிய முக்கியக் குறை, அந்தக் கடிதங்களைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் நிறுவன நிர்வாகத்தின் வழியே போய்வர விட்டதுதான். வெளியாளிடம் கேட்கும் கேள்வி நிறுவனத்தின் கை வழியாகப் போனால், அது நிர்வாகத்திடமே கேட்ட கேள்வியாகிவிடுகிறது. பெயரில் தணிக்கையாக இருந்தாலும், அந்த ஒரு விஷயத்தைப் பொறுத்தவரை அது மறுஆய்வின் அளவுக்கு இறங்கிவிட்டது.

காலாண்டு மறுஆய்வுக்கும் ஆண்டுத் தணிக்கைக்கும் இடையிலான தொடர்ச்சி அறுந்துபோவதைத் தடுக்க செபி 2019 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. மூன்று காலாண்டு மறுஆய்வில் கையெழுத்திட்ட ஆடிட்டர், ஆண்டுத் தணிக்கை நெருங்கும்போது ராஜினாமா செய்துவிட்டுப் போகும் வழக்கம் அதற்குக் காரணம். இப்போது, ஓர் ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளுக்கு அறிக்கை தந்தவர், நான்காம் காலாண்டு அறிக்கையையும் அந்த ஆண்டின் தணிக்கை அறிக்கையையும் தந்த பிறகே விலக முடியும். மற்ற நேரங்களில், காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் விலகுபவர் அந்தக் காலாண்டின் அறிக்கையைத் தர வேண்டும். அதற்குப் பிறகு விலகுபவர் அடுத்த காலாண்டின் அறிக்கையையும் தர வேண்டும். கேட்ட விவரம் கிடைக்காமல் விலகுகிறார் என்றால் அதையும் அறிக்கையில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த காலாண்டுக் கணக்கில் இன்னொரு அடுக்கு உண்டு. 2019 ஏப்ரல் முதல், ஒருங்கிணைந்த வருவாய், சொத்து, லாபம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 80 சதவீதம் தணிக்கையோ மறுஆய்வோ செய்யப்பட்டிருக்க வேண்டும். அதாவது 20 சதவீதம் வரை யாரும் பார்க்காமல் வரலாம். மறுஆய்வு அறிக்கையின் பின்பகுதியில், இன்னின்ன துணை நிறுவனங்களின் கணக்கு மறுஆய்வு செய்யப்படவில்லை, நிர்வாகம் தந்தபடியே சேர்க்கப்பட்டது, குழுமத்துக்கு அது பெரிய அளவில்லை என்று நிர்வாகம் கூறுகிறது என்ற பத்தி இருக்கும். அந்தப் பத்தியில் எழுதியிருக்கும் வருவாயையும் லாபத்தையும் மொத்த எண்களோடு ஒப்பிட்டால், குழுமம் அறிவித்த லாபத்தில் எவ்வளவு பங்கு மறுஆய்வுகூட இல்லாமல் வந்தது என்பது தெரிந்துவிடும்.